1 முதல் 1000 வரை ‘7’ உள்ள எண்கள்: விடை தப்பினால் எங்கே பார்ப்பது

1 முதல் 1000 வரையுள்ள முழு எண்களில் 7 என்ற இலக்கம் இடம்பெறும் எண்கள் எத்தனை? விடை 271. போட்டித் தேர்வு வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் பத்துப் பேரிடமிருந்து பத்து விதமான விடை வருவதில்லை. எந்த ஆண்டு கொடுத்தாலும் 300, 280, 290, 270, 252 என்று அதே தப்பு விடைகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு தப்பு விடைக்கும் அதற்கே உரிய கோளாறு ஒன்றோ இரண்டோ உண்டு. ஆகவே அடித்துவிட்டு முதலிலிருந்து போடவேண்டாம். அப்படிப் போட்டால் அதே தப்பை அதே இடத்தில் மறுபடி செய்வதுதான் வழக்கம். வந்த விடையை எடுத்துக்கொண்டு, கீழே அதற்குரிய தலைப்புக்குப் போங்கள்.

## எந்த விடை வந்திருந்தாலும் முதலில் இது: 99 வரை எத்தனை?

ஆயிரத்தை மறந்துவிட்டு 1 முதல் 99 வரை மட்டும் கையால் எழுதுங்கள். அரை நிமிட வேலை. ஒன்றின் இடத்தில் 7 வருபவை: 7, 17, 27, 37, 47, 57, 67, 77, 87, 97. மொத்தம் பத்து. பத்தின் இடத்தில் 7 வருபவை: 70, 71, 72 என்று 79 வரை. அதுவும் பத்து. 77 இரண்டு வரிசையிலும் இருக்கிறது. ஒரு வரிசையில் அதை அடித்துவிட்டால் மிச்சம் 19.

இங்கே உங்களுக்கு 20 வந்தால், 77ஐ அடிக்கவில்லை என்று பொருள். 18 வந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: 77ஐ இரண்டு வரிசையிலும் அடித்திருப்பீர்கள், அல்லது 70ஐ எழுதாமல் 71இல் தொடங்கியிருப்பீர்கள். 10 மட்டும் வந்தால் எழுபதுகள் முழுவதையும் விட்டுவிட்டீர்கள். தப்பு இந்த 99க்குள் இருக்கிறது என்றால் மேலே போகவே தேவையில்லை. அதுதான் ஒவ்வொரு நூறிலும் மறுபடி மறுபடி பெருகி, கடைசி விடையில் பெரிதாகத் தெரிகிறது. 19 சரியாக வந்தும் கடைசி விடை தப்பாக இருந்தால், கோளாறு நூறுகளைக் கூட்டிய விதத்தில் இருக்கிறது.

## அறிகுறி: விடை 300

மிக அதிகம் பேருக்கு வருவது இதுதான். வழி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒன்றின் இடத்தில் 7 நூறு தடவை, பத்தின் இடத்தில் நூறு தடவை, நூறின் இடத்தில் நூறு தடவை, ஆக 300.

இதில் கூட்டலோ பெருக்கலோ தப்பில்லை. 7 என்ற இலக்கம் எத்தனை தடவை எழுதப்படுகிறது என்று கேட்டிருந்தால் 300தான் சரி. நம்மிடம் கேட்டது எத்தனை எண்களில் வருகிறது என்பது. 577 ஒரே எண்தான், ஆனால் இந்த வழியில் அது இரண்டாகிறது. 777 மூன்றாகிறது.

முதல் வேலை, கேள்வியை மறுபடி படிப்பது. “எத்தனை முறை” என்றிருந்தால் 300ஐ அப்படியே விட்டுவிடுங்கள். அச்சுத் தாள்களில் இரண்டு வகைக் கேள்வியும் வருகிறது. கதவு எண் எழுதும் வேலைக்கு எத்தனை ‘7’ தகடு வேண்டும் என்பது போன்ற கேள்விக்கு விடை 300. எத்தனை கதவில் ‘7’ இருக்கும் என்றால் 271.

கேள்வி எண்களைப் பற்றியதுதான் என்றால், 300ஐத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதிலிருந்தே சரியான விடைக்கு வரலாம். சரியாக இரண்டு 7 உள்ள எண்கள் 27. எப்படி என்றால், 7 அல்லாத அந்த ஒரு இலக்கம் மூன்று இடத்தில் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். ஒவ்வொரு இடத்திலும் அதற்கு 9 வாய்ப்பு. இந்த 27 எண்களும் ஒவ்வொரு தடவை கூடுதலாக எண்ணப்பட்டிருக்கின்றன. 777 மட்டும் இரண்டு தடவை கூடுதல். ஆகவே கழிக்கவேண்டியது 27 + 2, அதாவது 29. 300 − 29 = 271.

## அறிகுறி: 280 அல்லது 290

இந்த இரண்டு விடையும் இரண்டு வேறு வழிகளில் வரக்கூடியவை. ஆகவே விடையை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், போட்ட வழியையும் பார்க்கவேண்டும்.

நூறு நூறாகப் பிரித்துப் போட்டவர்களுக்கு

280 என்றால், ஒவ்வொரு நூறிலும் 20 என்று வைத்திருக்கிறீர்கள்: 20 × 9 + 100. மேலே சொன்ன 77தான் காரணம். 77, 177, 277 என்று 977 வரை, 777 நீங்கலாக, ஒன்பது எண்கள் இரட்டிப்பாகியிருக்கின்றன. 271க்கும் 280க்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்த 9.

290 என்றால் நூறுக்கு 19 என்பதைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் பத்து நூறுக்கும் 19 போட்டு 190 ஆக்கிவிட்டு, பிறகு எழுநூறுகளுக்காக 100 சேர்த்திருக்கிறீர்கள். 700 முதல் 799 வரை எல்லா எண்ணிலும் 7 இருக்கிறது. அந்த நூறு முழுதாக உள்ளே வந்துவிட்ட பிறகு, அதற்குள்ளிருக்கும் 19ஐத் தனியாகச் சேர்க்கக்கூடாது. 19ஆல் பெருக்கவேண்டியது ஒன்பது நூறுகளை மட்டும். 19 × 9 = 171, அத்தோடு 100, ஆக 271.

இதே வழியில் இன்னும் இரண்டு தப்பு விடை வரும். அவற்றை இங்கேயே முடித்துவிடலாம். 190 வந்தால் எழுநூறுகளையும் மற்ற நூறுகளைப் போலவே நடத்திவிட்டீர்கள். 171 வந்தால் எழுநூறுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.

300இலிருந்து கழித்துப் போட்டவர்களுக்கு

ஒரே எண்ணில் இரண்டு 7 வரும் இடஜோடிகள் மூன்று: கடைசி இரண்டு இடம் (_77), முதலும் கடைசியும் (7_7), முதல் இரண்டு இடம் (77_). ஒவ்வொன்றிலும் பத்து எண்கள். 177 போன்றவை எல்லார் கண்ணிலும் படும். 770 முதல் 779 வரை உள்ளவையும் கொஞ்சம் யோசித்தால் கிடைக்கும். 707, 717, 727 என்று நடுவில் வேறு இலக்கம் உட்கார்ந்திருப்பவைதான் நழுவிப் போகின்றன, இரண்டு 7க்கும் இடையே இடைவெளி இருப்பதால். 280 வந்தால் ஒரு ஜோடியைக் கழிக்கவில்லை. பெரும்பாலும் அது இந்த 7_7தான். 290 வந்தால் இரண்டு ஜோடியைக் கழிக்கவில்லை. மூன்றையும் கழித்துவிட்டீர்கள் என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள், அங்கே இன்னொரு சின்ன வேலை பாக்கியிருக்கிறது.

## அறிகுறி: 270, 272, 273

ஒன்றிரண்டு மட்டும் தள்ளியிருக்கிறது. இப்படி வந்தால் வழி சரி, ஓரத்தில் ஏதோ ஒரு எண் மாட்டிக்கொண்டிருக்கிறது. சந்தேகப்படவேண்டிய எண்கள் நான்குதான்: 0, 7, 777, 1000. மற்ற எதையும் தொடவேண்டாம்.

முதலில் 777. 300 − 30 என்று 270இல் நிறுத்தியவர்கள் இங்கே வருவார்கள். 777ஐ மூன்று இடத்துக்கும் மூன்று தடவை எண்ணினீர்கள். மூன்று ஜோடியிலும் அது இருப்பதால் மூன்று தடவை கழித்தும் விட்டீர்கள். இப்போது அது கணக்கிலேயே இல்லை. ஒன்று கூட்டுங்கள். இதன் மறுபக்கம் 273: சரியாக இரண்டு 7 உள்ள 27 எண்களை மட்டும் கழித்துவிட்டு, 777ஐத் தொடவே இல்லை. 777க்காக ஒன்று மட்டும் கழித்தவர்களுக்கு 272 வரும். மூன்றாக எண்ணியதை ஒன்றாக்க இரண்டு கழிக்கவேண்டும்.

இரண்டாவது, 0 மற்றும் 1000. 7 இல்லாத எண்களை எண்ணி ஆயிரத்திலிருந்து கழித்தவர்களுக்கு இங்கேதான் வழுக்கும். இந்த வழியில் எல்லா எண்ணையும் மூன்று இலக்கமாக, 000 முதல் 999 வரை எழுதிக்கொள்வோம். 7ஐத் தவிர்த்தால் ஒவ்வொரு இடத்துக்கும் 9 வாய்ப்பு, ஆக 9 × 9 × 9 = 729. இந்த 729க்குள் 0 இருக்கிறது, 1000 இல்லை. நமக்கு வேண்டிய 1 முதல் 1000 வரையில் 0 இல்லை, 1000 இருக்கிறது. இரண்டிலும் 7 கிடையாது. ஆகவே ஒன்று போய் ஒன்று வருகிறது. 729 அப்படியே நிற்கிறது. 1000 − 729 = 271.

கவனமாகப் போடுபவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். “0 நம் கணக்கில் இல்லையே” என்று 728 ஆக்கி, 1000 உள்ளே வரவேண்டியதை மறந்தால் 272. 0ஐயும் 1000ஐயும் வெளியே தள்ளி மொத்தத்தை 999 ஆக்கிவிட்டு, 729ஐ மட்டும் குறைக்காமல் விட்டால் 270. எந்தப் பக்கம் திருத்தினாலும் மொத்தத்திலும் கழிப்பதிலும் ஒரே எல்லையை வையுங்கள்: 1000 − 729 என்றாலும் சரி, 999 − 728 என்றாலும் சரி, இரண்டும் 271தான்.

இந்த இரண்டும் இல்லை, ஆனாலும் 270 என்றால், ஒற்றை இலக்க எண்ணான 7ஐ விட்டிருப்பீர்கள். ஈரிலக்கத்தில் 18, மூவிலக்கத்தில் 252 என்று பிரித்துப் போட்டவர்களுக்கு இது நடக்கும். 18 + 252 = 270, அந்தத் தனி 7ஐச் சேர்த்தால் 271.

## அறிகுறி: 252, 352, 243, 729

இவை எல்லாம் பாதியில் நின்ற விடைகள். 252 என்பது 100 முதல் 999 வரை மட்டும் எண்ணியது. கீழே உள்ள 19ஐச் சேர்த்தால் முடிந்தது. 352 வந்தவர்கள் 8 × 9 × 9 = 648 என்று போட்டு ஆயிரத்திலிருந்து கழித்திருப்பார்கள். முதல் இடத்தில் 0 வரக்கூடாது என்று 8 வாய்ப்பு வைத்தது மூவிலக்க எண்ணுக்குச் சரி. ஆனால் அந்த 648இல் 100க்குக் கீழே உள்ள, 7 இல்லாத எண்கள் வரவில்லை, 1000மும் வரவில்லை. அவை 8 + 72 + 1 = 81. சேர்த்தால் 729.

243 என்பது ஒரே ஒரு 7 மட்டும் உள்ள எண்கள். கேள்வியில் “ஒரே ஒரு முறை மட்டும்” என்றிருந்தால் அதுதான் விடை. இல்லையென்றால் 27ஐயும் 1ஐயும் கூட்டுங்கள். 729 எழுதியவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, கடைசிக் கழித்தல் பாக்கி. 142 எழுதியவர்கள் 7ஆல் வகுபடும் எண்களை எண்ணியிருக்கிறார்கள், அது வேறு கணக்கு.

## அறிகுறி: பட்டியலில் இல்லாத ஒரு விடை

மேலே எதிலும் இல்லாத எண் வந்தால், 271க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வித்தியாசம் 9 அல்லது 9இன் மடங்கு என்றால், எழுநூறுகள் தவிர்த்த ஒன்பது நூறுகளிலும் ஒரே தப்பு திரும்பியிருக்கிறது. 1 அல்லது 2 என்றால் ஓரத்தில் உள்ள அந்த நான்கு எண்களைப் பாருங்கள். 19 என்றால் ஒரு முழு நூறு கூடியோ குறைந்தோ இருக்கிறது. 10 என்றால் கொஞ்சம் தோண்டவேண்டும். ஒரு நிஜமான தாளை வைத்தே காட்டுகிறேன்.

ஒரு மாணவிக்கு 261 வந்தது. வழியெல்லாம் நேர்த்தி: நூறுக்கு 18, ஒன்பது நூறுக்கு 162, எழுநூறுகளுக்கு 99, மொத்தம் 261. வித்தியாசம் 10. இதைப் பார்த்ததும், ஏதோ ஒரு பத்து எண்களை மொத்தமாக, 770 முதல் 779 வரை என்பது போல, விட்டுவிட்டாள் என்று தோன்றும். அப்படி இல்லை. பத்தை 9 + 1 என்று பிரித்துப் பார்த்தால் தெரியும்: ஒன்பது நூறுகளிலும் ஒவ்வொன்று குறைகிறது, எழுநூறுகளில் ஒன்று குறைகிறது.

99 வரையிலான பட்டியலை எழுதச் சொன்னேன். ஒன்றின் இடத்துக்குப் பத்து எண்ணைச் சரியாக எழுதினாள். எழுபதுகளுக்குப் பட்டியல் போடவில்லை, ஓரத்தில் 79 − 70 = 9 என்று ஒரு சின்னக் கழித்தல். எழுநூறுகளுக்கும் அதே போல 799 − 700 = 99. கோளாறு அதுதான். ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண் வரை, இரண்டையும் சேர்த்து எண்ணும்போது கழித்துவிட்டு ஒன்று கூட்டவேண்டும். 70 முதல் 79 வரை பத்து எண்கள், 700 முதல் 799 வரை நூறு எண்கள். அவள் கணக்கில் விடுபட்டவை 70, 170, 270 என்று 970 வரை ஒன்பது. அத்தோடு எழுநூறுகளில் ஒன்று. ஆக பத்து. இரண்டு இடத்திலும் ஒன்று கூட்டியதும் 19 × 9 + 100 என்று நேராக வந்துவிட்டது.

இந்தத் தப்பு 77ஐ இரட்டிப்பாக எண்ணும் தப்போடு சேர்ந்தால் இன்னும் மோசம். எழுபதுகளுக்கு 9, ஒன்றின் இடத்துக்கு 10, 77ஐ அடிக்காமல் கூட்டினால் 19. இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரியான எண். அதனால்தான் 99 வரை 19 வந்ததா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாமல், அந்த 19ஐ எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். நூறுக்கு 19 சரியாக வந்து, எழுநூறுகளுக்கு 99 போட்டவருக்கு 270 வரும். 270, 272, 273 என்ற தலைப்பில் சொன்ன நான்கு எண்களில் எதுவும் சிக்கவில்லையென்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

## கணினியில் எண்ணும்போது வரும் அறிகுறிகள்

எக்ஸெலில் 0 வருகிறது. A1 முதல் A1000 வரை எண்களை நிரப்பி, `=COUNTIF(A1:A1000,"*7*")` என்று அடித்திருப்பீர்கள். அந்த நட்சத்திரக் குறி உரையாகப் பதிந்த கட்டங்களில்தான் வேலை செய்யும். எண்ணாகப் பதிந்தவற்றைக் கண்டுகொள்ளாது. 0க்குப் பதிலாகப் பத்துப் பதினைந்து என்று அசட்டு எண் வந்தால், சில கட்டங்கள் மட்டும் உரையாகப் பதிந்திருக்கின்றன. கட்டங்களை மாற்றிக்கொண்டிருப்பதைவிட இதைப் போடுவது சுலபம்:

```
=SUMPRODUCT(--ISNUMBER(FIND("7",A1:A1000)))
```

கட்டளை வரியில் 300 வருகிறது. `grep -o` போட்டு வரிகளை எண்ணினால், ஒவ்வொரு 7ம் தனி வரியாக வரும். `-c` என்பது 7 உள்ள வரிகளை மட்டும் எண்ணும்:

```
seq 1000 | grep -c 7
```

நிரலில் 109 அல்லது 199 வருகிறது. பத்தின் இடத்தை `n//10 == 7` என்று சோதித்திருக்கிறீர்கள். 170ஐப் பத்தால் வகுத்தால் 17 வரும், 7 வராது. எனவே 70 முதல் 79 வரை மட்டும் பிடிபடும். ஒன்றின் இடத்தையும் சேர்த்து இரண்டு சோதனை வைத்தால் 109, நூறின் இடத்தையும் வைத்தால் 199. `n//10%10 == 7` என்று மாற்றினால் தீரும். இலக்கங்களோடு மல்லுக்கட்டாமல் எண்ணை உரையாக்கித் தேடுவது அதைவிட நிம்மதி:

```
print(sum('7' in str(n) for n in range(1, 1001)))
```

271 வருகிறது, ஆனால் நிரல் தப்பு. இதுதான் பிடிபடாத வகை. `range(1, 1000)` என்று எழுதினால் 999இலேயே நின்றுவிடும். 1000இல் 7 இல்லாததால் விடை மாறுவதில்லை, யாரும் கவனிப்பதுமில்லை. சோதிக்க ஒரே வழி, 7ஐ எடுத்துவிட்டு 1ஐப் போட்டு ஓட்டுவது. 1000இல் 1 இருப்பதால் சரியான நிரல் 272 காட்டும். 999இல் நிற்பது 271 காட்டும். 0ஐப் போட்டால் 181 வரவேண்டும். முன்னால் வரும் வெற்று இடத்துக்கு 0 எழுதுவதில்லை என்பதால் 0க்கு மட்டும் எண்ணிக்கை இவ்வளவு குறைகிறது. 9 × 9 × 9 குறுக்குவழியும் 0க்குச் செல்லாது. 0 இல்லாத எண்களை 9 + 81 + 729 = 819 என்று தனித்தனியாகத்தான் கூட்டவேண்டும்.

## விடைக்குறிப்பு கையில் இல்லாதபோது

தேர்வறையில் 271 என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். இரண்டு வழியில் போட்டு ஒத்துப்போகிறதா பார்ப்பதுதான் உறுதி. நூறு நூறாகப் போட்டவர்கள் 1000 − 729ஐயும், கழித்துப் போட்டவர்கள் 19 × 9 + 100ஐயும் போடலாம். ஒரே வழியை இரண்டு தடவை போடுவதை நான் சோதனை என்று ஒப்புக்கொள்வதில்லை. வரம்பு மாறினாலும் அடி ஒன்றுதான்: 10 வரை 1, 100 வரை 19, 1000 வரை 271, 10000 வரை 3439. முந்தையதை 9ஆல் பெருக்கி, முந்தைய வரம்பைச் சேர்த்தால் அடுத்தது வரும்.

வரம்பு உருண்டையான எண்ணாக இல்லாவிட்டால் 729ஐ நம்பாதீர்கள். 1 முதல் 750 வரை என்றால், எழுநூறுக்கு முன்னால் ஏழு நூறுகள் (0–99 முதல் 600–699 வரை), 7 × 19 = 133. பிறகு 700 முதல் 750 வரை 51 எண்கள், 50 அல்ல. மொத்தம் 184.

## எப்போது இன்னொருவரிடம் கொண்டுபோவது

இரண்டு வழியும் ஒரே விடை தந்து, விடைக்குறிப்பு மட்டும் வேறாக இருந்தால், கோளாறு உங்களிடம் இல்லை. குறிப்பில் 300 இருந்தால் கேள்வியின் சொற்களை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். போட்டித் தேர்வென்றால் தற்காலிக விடைக்குறிப்புக்கு ஆட்சேபணை சொல்லும் கெடுவுக்குள் அனுப்புங்கள். நீளமான விளக்கம் வேண்டாம். 77 என்ற ஒரே எண் அந்த 300இல் இரண்டு தடவை வருகிறது என்று காட்டினால் போதும்.

இரண்டு வழியும் இரண்டு விடை தந்து, பதினைந்து நிமிடமாகியும் தப்பு தென்படவில்லை என்றால் தாளை வேறொருவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது விடையை மட்டும் சொல்லாமல், 99 வரை எழுதிய பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்; அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

வரம்பு பதினெட்டு இலக்க எண்ணாகவோ, “7ம் இருக்கவேண்டும், 7ஆல் வகுபடவும் வேண்டும்” என்று இரண்டு நிபந்தனை சேர்ந்ததாகவோ இருந்தால், இங்கே சொன்ன எதுவும் கைகொடுக்காது. 1000 வரை என்றால் நிரலில் இரண்டு நிபந்தனையையும் `and` போட்டு ஓட்டிவிடலாம். பெரிய வரம்பில் ஒவ்வொரு எண்ணாக ஓட்ட கணினிக்கும் நேரம் போதாது. இலக்கம் இலக்கமாக முன்னேறி, இதுவரை 7 வந்ததா, மீதி எவ்வளவு என்பதை மட்டும் நினைவில் வைத்து எண்ணும் நிரல் வேண்டும். அதை நிரல் போட்டிகளில் பழகியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் எழுதித் தந்த நிரலில் வரம்பை 1000 என்றும் நிபந்தனையை 7 மட்டும் என்றும் வைத்து ஓட்டி, 271 வருகிறதா பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.